“லைட் டூட்டி” என்று எழுதாதீர்கள்

கேள்வி:

டாக்டர் அம்மா, சேரன்மகாதேவி பக்கம் பாசனக் கால்வாயில் அரசு லஸ்கராக இருக்கிறேன். வயது 47. பத்து வருசமாகச் சர்க்கரை. போன தை மாதம் கரையில் நடக்கும்போது கருவேல முள் ஏறியது. வலியே தெரியவில்லை, விட்டுவிட்டேன். அழுகிப்போய், மாசியில் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆனி மாதம் மதுரையில் செயற்கைக்கால் மாட்டினார்கள். இப்போது வீட்டுக்குள் கம்பு இல்லாமல் நடக்கிறேன், தெருவில் கம்போடு நடக்கிறேன்.

மருத்துவ விடுப்பு முடியப்போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பிசானத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டால் எங்களுக்கு ராப்பகல் கிடையாது. ஷட்டரைச் சுற்ற வேண்டும், கரையில் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும், மடையில் அமலைச் செடி அடைத்தால் இறங்கி எடுக்க வேண்டும். “லைட் டூட்டி கேட்டு மனு எழுதிக்கொடும், பார்ப்போம்” என்கிறார் பொறியாளர். கூட்டாளிகளோ, “மெடிக்கல் போர்டுக்குப் போய் வேலையை விட்டுரு, மகனுக்குக் கேட்டுக்கிடலாம்” என்கிறார்கள். மதுரையில் அடிக்கடி வரச் சொல்லுகிறார்கள். போய்வர ஒரு நாள் முழுக்கப் போயிருது. எத்தனை நாள் கேட்பது? கேட்டால் இவன் சோலிக்கு லாயக்கில்லை என்று எழுதிருவாங்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அண்ணாச்சி, உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கால் போனதால் வேலையை இழந்தவர்களைவிட, கால் போன பிறகு கையில் வாங்கிய தாளில் தவறான சொல் இருந்ததால் வேலையை இழந்தவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் மனுவுக்கு முன்னால் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

விடுப்பு முடிந்து பணியில் சேர மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று கேட்பார்கள். பெரும்பாலும் அது இரண்டில் ஒன்றாகத்தான் எழுதப்படுகிறது. “பணிக்குத் தகுதியானவர்” என்று மட்டும் எழுதினால், மறுநாளே உங்களை நடுவாய்க்காலில் இறக்கலாம். முடியாது என்றால் “தகுதிச் சான்று கொடுத்திருக்கிறீரே” என்பார்கள். “பணிக்குத் தகுதியற்றவர்” என்று எழுதினால் அது இயலாமை ஓய்வில் கொண்டுபோய் விட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது வகை: “கீழ்க்கண்ட நிபந்தனைகளுடன் பணிக்குத் தகுதியானவர்” என்று எழுதி, அந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும் சான்று. மருத்துவர் அவசரத்தில் இருப்பார். நீங்களே கேட்டால்தான் கிடைக்கும்.

கூட்டாளிகள் நல்ல மனசோடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் போர்டு வழியாக வேலையை விட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 20-ஆவது பிரிவு, 4-ஆவது உட்பிரிவு இதைத்தான் பேசுகிறது. பணியில் இருக்கும்போது ஊனமடைந்த ஊழியரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவியில் இறக்கவும் கூடாது. பழைய வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே ஊதிய விகிதத்திலும் அதே பணிப்பயன்களோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடம் காலியாக இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை, எது முந்துகிறதோ அதுவரை, கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. கால் போனது வேலை நேரத்திலா, வீட்டிலா, முள்ளாலா, சர்க்கரையாலா என்று இந்த உட்பிரிவு கேட்கவில்லை.

இதற்கு முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே பாதுகாப்பு 47-ஆவது பிரிவாக இருந்தது. அதை வைத்து உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்த்த குணால் சிங் வழக்கு உங்கள் கதைக்கு மிக அருகில் வருகிறது. அவர் மத்திய அரசுப் படை ஒன்றில் கான்ஸ்டபிள். இடது காலில் காயம்பட்டு, அழுகி, காலை எடுத்தார்கள். பணிக்கு முற்றிலும் இயலாதவர் என்று மருத்துவச் சான்று வந்தது, வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். “இயலாமை ஓய்வூதியம் வாங்குகிறாரே, பிறகென்ன” என்பது துறையின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு வேலைக்கு இயலாமல் போவதும் எந்த வேலைக்குமே இயலாமல் போவதும் ஒன்றல்ல, ஓய்வூதியம் பெறுகிறார் என்பதால் சட்டத்தின் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று சொல்லி, அவருக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது. ஆனால் அதற்கு அவர் டில்லிவரை போக வேண்டியிருந்தது. நீங்கள் போர்டுக்குப் போகாமல் இருந்தாலே அந்த அலைச்சல் மிச்சம். மகனுக்கு வேலை என்பதும் கையில் இருக்கும் காசு அல்ல. கருணை அடிப்படை நியமனத்தை உரிமையாகக் கேட்க முடியாது. அதற்கும் விதிகள் உண்டு, காத்திருக்கும் வரிசை உண்டு. உங்கள் சம்பளமோ இன்றைக்கே இருக்கிறது.

இனி மனு. பொறியாளர் சொன்ன “லைட் டூட்டி” என்ற சொல்லை மனுவில் எழுதாதீர்கள். அந்தச் சொல்லுக்கு அளவு கிடையாது. நீங்கள் நினைப்பது ஒன்று, அலுவலகம் நினைப்பது இன்னொன்று. எத்தனை நாளைக்கு என்பதும் அதில் இல்லை. படிக்கும் அதிகாரிக்கு “ஓர் ஆள் குறைகிறது” என்று மட்டும்தான் தோன்றும். அதற்குப் பதிலாக உங்கள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உங்கள் காலோடு பொருத்திப் பாருங்கள். நான் பார்க்கும் விதத்தைச் சொல்லுகிறேன், உங்கள் மருத்துவர் உங்கள் காலைப் பார்த்து மாற்றிக்கொள்ளட்டும்.

தலைமதகில் நின்று அளவுகோலைப் படிப்பது, நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதுவது, பிரிவு அலுவலகத்துக்குப் போனில் சொல்வது இவையெல்லாம் இப்போதே முடியும். ஷட்டர் சுற்றுவதைப் பலரும் கைவேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கால்வேலை. சக்கரத்தைத் தள்ளும்போது பாதத்தைத் தரையில் ஊன்றி இடுப்பைத் திருப்புகிறோம். நல்ல காலில் அந்த முறுக்கைக் கணுக்கால் வாங்கிக்கொள்ளும். உங்கள் இடது காலில் அது சாக்கெட்டுக்குள்ளேயே போய், தோலை எலும்பின் மேல் வைத்துத் தேய்க்கும். எண்ணெய் போட்டு இலகுவாகச் சுற்றும் ஷட்டர் என்றால், வலது காலில் எடையைப் போட்டுச் சுற்றிப் பழகலாம். துருப்பிடித்து இறுகிய ஷட்டரைத் தனியாகச் சுற்றக் கூடாது, இன்னொருவர் வேண்டும்.

கரை நடை வேறு கதை. மேடுபள்ளமில்லாத தார்ச்சாலையில் 2 கிலோமீட்டர் நடப்பவருக்கு மண்கரையில் அரைக் கிலோமீட்டரே போதும் போதும் என்றாகிவிடும். கரையின் சரிவில் பக்கவாட்டாக நடக்கும்போது செயற்கைப் பாதம் நம் பாதம்போல மண்ணுக்கேற்ப வளையாது. சாய்வு முழுவதையும் முட்டி தாங்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரக்களிமண் பாதத்தைப் பிடித்து இழுக்கும், கால் சாக்கெட்டைவிட்டு உருவி வந்துவிடும். இரவில் இன்னும் மோசம். எதை மிதிக்கிறோம் என்று அந்தப் பாதம் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். அதனால் பகலில், கரையின் மேற்பரப்பில், கம்போடு, இடையில் உட்கார்ந்து எழ வசதியோடு, குறிப்பிட்ட தூரம் என்று கேளுங்கள். இரவு ரோந்தை இந்தப் பிசானத்துக்கு விலக்கிக் கேளுங்கள். தண்ணீரில் இறங்கி அமலை எடுப்பது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஈரம் உள்ளே நின்றால் தோல் ஊறி உரியும், சர்க்கரைக்காரருக்கு அந்தப் புண் ஆறவே மாதங்கள் ஆகும்.

ஜெய்ப்பூர் பாதம் போட்டால் வயலிலும் இறங்கலாமே என்று யாராவது சொல்லுவார்கள். 1968-இல் ஜெய்ப்பூரில் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பாதம் செருப்பில்லாமல் நடக்கவும் குத்தவைக்கவும் ஈரமண்ணில் மிதிக்கவும் என்றே வடிவமைக்கப்பட்டது. நம் ஊருக்கு மிகவும் ஏற்றது, உங்கள் டெக்னீஷியனிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் நனைவதைத் தாங்குவது பாதம்தான். மேலே சாக்கெட்டுக்குள் இருப்பது உங்கள் தோல்.

மதுரைப் பயணங்களுக்கு வருகிறேன். எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். “அடிக்கடி” என்ற சொல்தான் அலுவலகத்தைப் பயமுறுத்துகிறது, அதைக் கணக்காக்கிவிடலாம். ஏன் போக வேண்டியிருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள், மேலதிகாரிக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் மீதமுள்ள காலை ஸ்டம்ப் என்கிறோம். அது வீங்கியிருக்கும். நடக்க நடக்க வீக்கம் வடியும், வேலை இல்லாத தசை மெலியும். முதல் ஆண்டு முழுக்க அது சிறுத்துக்கொண்டே போகும். ஆனியில் மாவுக்கட்டு அச்சு எடுத்துச் செய்த சாக்கெட் ஐப்பசியில் தொளதொளவென்று ஆகிவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஸ்டம்புக்குச் சாக்ஸ் கொடுத்திருப்பார்கள். இன்று ஒன்று போடுவீர்கள், இரண்டு மாதத்தில் மூன்று போடுவீர்கள். காலையில் இரண்டு, மாலையில் நாலு என்றும் வரும். சாக்ஸை அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சாக்கெட்டின் வடிவமும் காலின் வடிவமும் பொருந்தாமல் போகும். அப்போது புது அச்சு எடுத்துப் புதுச் சாக்கெட் போட வேண்டும். இது கால் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. எல்லோருக்கும் நடப்பதுதான்.

உங்கள் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும். பணியில் சேர்ந்ததும் நடை கூடும். அதனால் இரண்டு மூன்று வாரத்தில் ஒருமுறை சரிபார்ப்பு, பிறகு ஆறாவது வாரத்தில் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று. அடுத்து எப்போதாவது, பெரும்பாலும் அடுத்த கோடைக்குள், சாக்கெட் மாற்றம். அதற்கு அச்சு எடுக்க ஒரு நாள், போட்டுப் பார்க்க ஒரு நாள், வாங்கிக்கொள்ள ஒரு நாள், இரண்டு வாரம் கழித்துச் சரிபார்க்க ஒரு நாள். ஆக ஓர் ஆண்டுக்கு 7 நாள், புண் வந்தால் திடீரென்று போக 2 நாள். ஒன்பது நாள் என்று எழுதிப் பாருங்கள், “அடிக்கடி” எவ்வளவு சின்னதாகிவிடுகிறது! நெல்லையிலிருந்து மதுரை 160 கிலோமீட்டர். அரைநாள் அனுமதியில் போய்வர முடியாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஞாயிறும் திருநாளும் பார்க்காமல் வேலை செய்யும் பணி உங்களுடையது. விடுப்பு தீர்ந்துவிட்டால், வாரநாளில் மதுரைக்குப் போய்விட்டு ஞாயிறு முறையை எடுத்துக்கொள்கிறேன் என்று முறைமாற்றம் கேட்கலாம். அதனால் அலுவலகத்துக்கு எந்த நட்டமும் இல்லை. ஒவ்வொரு முறையும் வருகைச் சீட்டில் முத்திரை வாங்கி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மனு நீளமாக இருக்க வேண்டாம். உங்களுக்காக எழுதிப் பார்த்தேன்:

“இடது கால் முட்டிக்குக் கீழ் அகற்றப்பட்ட நான், இணைத்துள்ள மருத்துவச் சான்றின்படி நிபந்தனைகளுடன் பணியில் சேர்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(2), 20(4) ஆகியவற்றின்படி, அடுத்த ஆறு மாதங்களுக்குக் கீழ்க்கண்ட ஏற்பாட்டைக் கோருகிறேன். தலைமதகில் நீர்மட்டம் பதிவு செய்தல், பதிவேடு, தகவல் தெரிவித்தல் ஆகிய பணிகளை முழுமையாகச் செய்வேன். ஷட்டர் இயக்கத்தை உடன் ஒருவருடன் செய்வேன். பகலில் கரையின் மேற்பரப்பில் ஒரு கிலோமீட்டர்வரை கண்காணிப்பேன். நீரில் இறங்கும் பணியிலிருந்தும் இரவு ரோந்திலிருந்தும் விலக்கு வேண்டுகிறேன். மதகடியில் சாய்வுள்ள ஒரு நாற்காலி வேண்டும். செயற்கைக்கால் பொருத்தும் வருகைகளுக்கு ஓராண்டில் சுமார் 9 நாட்கள், முன்கூட்டிய தகவலுடன், விடுப்பாகவோ முறைமாற்றமாகவோ அனுமதிக்க வேண்டுகிறேன். ஆறு மாதம் முடிவில் புதிய சான்றுடன் இந்த ஏற்பாட்டை மறுபார்வை செய்யலாம்.”

செய்ய முடிந்ததை முதலில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஆறு மாதம் என்ற எல்லையும் வேண்டுமென்றே வைத்தது. ஓர் அதிகாரிக்குக் காலவரையின்றிச் சலுகை கொடுப்பது கடினம், ஒரு பிசானத்துக்குக் கொடுப்பது எளிது. உங்களுக்கும் அது நல்லது. அடுத்த பங்குனியில் நீங்கள் இப்போதைவிட நன்றாக நடக்கக்கூடும். அப்போது ஒரு கிலோமீட்டர் இரண்டாகலாம். மனுவில் சொன்ன 20(2) என்பது, மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தேவையான நியாயமான வசதிகளை அரசு நிறுவனம் செய்து தர வேண்டும் என்ற உட்பிரிவு. நாற்காலியும் முறைமாற்றமும் அதில்தான் அடங்கும்.

நேரில் கொடுத்தால் நகலில் தேதியும் கையொப்பமும் வாங்குங்கள். பதில் வராவிட்டால், அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பதிவான புகாரை அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அங்கும் நகரவில்லை என்றால் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள், அதற்கும் மேலே சென்னையில் மாநில ஆணையர் இருக்கிறார். வழக்கறிஞர் அதற்குப் பிறகு போதும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். முட்டிக்குக் கீழே எடுத்த காலுக்கு ஊனம் 40 விழுக்காட்டைத் தாண்டும், ஊர்திப்படி கேட்கவும் அந்த அட்டை வேண்டும்.

இதைப் படிக்கும் கங்கைகொண்டான் தொழிற்சாலைக்காரர்களுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் ஒரு வார்த்தை. 20-ஆவது பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனம் எதுவானாலும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவிக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் அதில் வசதிகள், விடுப்பு, தொடர்பு அலுவலர் எல்லாம் விவரமாக இருக்க வேண்டும். முதலில் அந்தக் கொள்கையின் நகலைக் கேளுங்கள். மனு எழுதும் முறை இதேதான்.

அண்ணாச்சி, வேலையில் சேர்ந்த முதல் வாரம் தினமும் இரண்டு முறை காலைக் கழற்றிப் பாருங்கள், ஒரு சின்னக் கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். முட்டிச் சிப்பிக்குக் கீழே சிவந்திருந்தால் பயமில்லை. எடையைத் தாங்க வேண்டிய இடம் அது, பத்து இருபது நிமிடத்தில் சிவப்பு மறைந்துவிடும். முட்டிக்கு வெளிப்பக்கம் துருத்தும் சின்ன எலும்பின் மேலோ, ஸ்டம்பின் நுனியிலோ சிவந்து, அரைமணி கழித்தும் மறையாமல் இருந்தால் அன்றைக்கு அந்தக் காலை மீண்டும் மாட்ட வேண்டாம். கொப்புளம் வந்துவிட்டால் அது ஆறும்வரை மாட்டக் கூடாது, மேலே சொன்ன அந்த 2 நாள் இதற்குத்தான். உட்காரும்போது ஸ்டம்பைத் தொங்கவிடாமல் ஒரு பலகையில் நீட்டி வையுங்கள். மடக்கியே வைத்தால் முட்டி மடங்கியபடி இறுகிவிடும், பிறகு எந்தச் சாக்கெட்டும் சரியாக நிற்காது. வலது காலை அதைவிடக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முள் ஏறியது தெரியாத அதே சர்க்கரை அந்தக் காலிலும் இருக்கிறது. இனி கரையில் வெறுங்காலோடு நடப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது, வேலைக்குப் போட்டுப்போகும் அதே செருப்பையோ ஷூவையோ மாட்டிக்கொண்டு போங்கள். செயற்கைக்காலின் சாய்வை டெக்னீஷியன் அந்தக் குதியின் உயரத்தை வைத்துத்தான் சரிசெய்வார். ஊருக்குப் போகும் புதுச் செருப்பில் சரிசெய்த கால், கால்வாய்க்கரைச் செருப்பில் உங்களை முன்னாலோ பின்னாலோ தள்ளும்.